மேசை இழுப்பறையில் கிடக்கும் சிம் அட்டை

எங்கள் மஹல்லாவில் கணவரை இழந்த சகோதரி ஒருவர், இத்தா முடிந்தபின் விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சென்றார். ஆதாரைச் சரிபார்க்கும் ஓடிபி வரவில்லை. அவருடைய ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பதிவாகியிருந்தது கணவரின் கைப்பேசி எண். அந்தக் கைப்பேசியோ ரீசார்ஜ் செய்யப்படாமல் மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஓடிபி அனுப்பும் கணினி, சிம் யார் பெயரில் உள்ளது என்று பார்ப்பதில்லை. பதிவான எண்ணுக்கு அனுப்பிவிடும். ஆகவே அட்டை இயங்கும்வரை குறை தெரிவதில்லை. அது தொலைந்தாலோ, இணைப்பு நின்றாலோ மாற்று சிம் கேட்டுச் செல்கிறோம். அங்கேதான் பெயர் குறுக்கிடுகிறது. யார் பெயரில் சிம் உள்ளதோ அவர்தாம் அடையாளச் சான்றுடன் நேரில் வர வேண்டும் என்பார்கள். மறைந்தவர் எவ்வாறு வருவார்?

காலக்கணக்கும் முக்கியம். தொண்ணூறு நாட்கள் பயன்பாடே இல்லாத முன்கட்டண எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். பின்னர் அது வேறொருவருக்கு வழங்கப்படும். இத்தாவோ நான்கு மாதம் பத்து நாட்கள். அதற்குள் எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் பிறர் கைக்குப் போனால், நம் வங்கி ஓடிபியும் அவரிடமே போகும்.

எனவே முதல் வேலை, அந்த எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருப்பது. இரண்டாவது, இறப்புச் சான்றிதழுடனும் தம் ஆதாருடனும் நிறுவனத்தின் கடைக்குச் சென்று எண்ணைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வது. மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதத்தையும் கேட்கக்கூடும். புதிய சிம் தந்தால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. பழுது என்று அஞ்ச வேண்டாம்.

எண் ஏற்கெனவே போய்விட்டதா? தம் பெயரிலேயே புதிய சிம் வாங்கி, ஆதார் மையத்தில் எண்ணை மாற்றலாம். இதற்கு எந்த ஆவணமும் வேண்டியதில்லை, கைரேகை போதும். பழைய எண்ணுக்கு ஓடிபி வர வேண்டிய அவசியமும் இல்லை. அஞ்சலக வங்கியின் தபால்காரர் வீட்டுக்கே வந்தும் இதைச் செய்து தருகிறார். இத்தாவில் இருப்போருக்கு இது பேருதவி. பின்னர் வங்கிக் கிளையில் எண்ணை மாற்ற வேண்டும்.

இன்னொரு தடை, பெயரின் ஆங்கில எழுத்து. முஹம்மது என்பதை Mohamed, Mohammed, Muhammad என மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக எழுதியிருப்போம். நமக்கு ஒரே பெயர். கணினிக்கு மூன்று மனிதர்கள். பான் அட்டையை ஆதாருடன் இணைக்க முயலும்போது இது பலருக்குத் தெரியவருகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையே திருத்த முடியும். ஆகவே கடவுச்சீட்டு இருந்தால் அதன் எழுத்தையே அடிப்படையாகக் கொண்டு ஆதாரைத் திருத்தி, பிறகு பான், வங்கி, சிம் என ஒவ்வொன்றாக அதற்கு ஒத்தவாறு மாற்றுவதே நல்லது.

தம் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை tafcop.sancharsaathi.gov.in தளத்தில் எவரும் காணலாம். வீட்டுப் பெண்கள் பயன்படுத்தும் எண் யார் பெயரில் இருக்கிறது? குடும்பத் தலைவர் உயிரோடு இருக்கும்போதே அவரும் உடன் சென்று மாற்றித் தந்தால், இறப்புச் சான்றிதழைத் தேடும் நிலை அவர்களுக்கு வராது.