தொகுப்பு மதிப்பெண் மறைப்பது என்ன?

உதவிப் பேராசிரியர் நேர்முகத் தேர்வு குறித்துக் கேள்வி எழும்போதெல்லாம் நிர்வாகங்கள் ஒரே பதிலைத் தருகின்றன: "அனைவரையும் ஒரே அளவுகோலில் மதிப்பிட்டோம், மதிப்பெண் பட்டியல் இருக்கிறது." பட்டியல் இருப்பதை நான் மறுக்கவில்லை. அதிலுள்ள எண்களை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதே என் கேள்வி. குழுவினர் கலந்து பேசி, இடம் யாருக்கு என்று தீர்மானித்த பிறகு அத்தீர்மானத்திற்குப் பொருந்துமாறு நிரப்பப்படும் தாள் எதையும் அளப்பதில்லை. முன்பே எடுத்த முடிவுக்கு எண்வடிவம் தருவது மட்டுமே அதன் வேலை.

இக்கேள்வி இன்று ஏன் முன்னிலும் கூர்மையாகிறது என்பதற்கு விதிமுறைகளிலேயே விடை உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியர் தேர்வில் கல்விப் பின்னணிக்கும் ஆய்வுப் பணிக்கும் 50 விழுக்காடும், பாட அறிவுக்கும் கற்பித்தல் திறனுக்கும் 30 விழுக்காடும், நேர்முகத்திற்கு 20 விழுக்காடும் ஒதுக்கின. 2018 விதிமுறைகளில் கல்வி மதிப்பெண் நேர்முகத்திற்கு அழைப்பதற்கு மட்டுமே பயன்படும். இறுதித் தேர்வு முழுவதும் நேர்முகச் செயல்பாட்டைச் சார்ந்தது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் (1981) நேர்முகத்திற்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கியதையே உச்ச நீதிமன்றம் மிகையெனக் கண்டது. பணி நியமனங்களுக்கு அதே வரம்பை நீதிமன்றங்கள் அப்படியே பொருத்துவதில்லை என்பது உண்மை. ஆயினும் நூற்றுக்கு நூறும் அறைக்குள் முடிவாகும்போது, அந்த அறையிலிருந்து வெளிவரும் ஒரே சான்று மதிப்பெண் பட்டியல்தான். அச்சான்று எப்படி உருவாகிறது என்று கேட்பது விண்ணப்பித்தவரின் உரிமை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பாட அறிவுக்கு 40, மாதிரி வகுப்புக்கு 30, ஆய்வுத் திட்டத்திற்கு 30 என மொத்தம் 100 மதிப்பெண்கள். குழுவில் ஐவர், இறுதிப் போட்டியில் இருவர்.

முதலாமவர் பெற்றவை: 72, 74, 70, 73, 40
இரண்டாமவர் பெற்றவை: 68, 70, 67, 69, 85

முதலாமவரின் சராசரி 65.8; இரண்டாமவரின் சராசரி 71.8. தொகுப்புத் தாளில் இவ்விரு எண்கள் மட்டுமே இருக்கும். அதைப் படிப்பவர் இரண்டாமவர் தெளிவாக வென்றார் என்றே கொள்வார். உண்மையில் ஐவரில் நால்வர் முதலாமவரையே உயர்வாக மதிப்பிட்டுள்ளனர். அந்த நால்வர் இருவருக்குமிடையே வைத்த வேறுபாடுகளின் கூட்டுத்தொகை 15. ஐந்தாமவர் ஒருவரே எதிர்த்திசையில் வைத்த வேறுபாடு 45. சராசரியில் ஒரு மதிப்பீட்டாளரின் வலிமை அவர் எவ்வளவு அகலமாக மதிப்பெண்களைப் பரப்புகிறார் என்பதைப் பொறுத்தது. ஆளுக்கொரு வாக்கு என்று நாம் நம்பும் குழுவில் இங்கே ஒருவரின் வாக்கு நால்வரின் வாக்கை விழுங்கிவிட்டது.

அப்படியானால் சராசரியை விட்டு இடைநிலை எண்ணை எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தால் முதலாமவருக்கு 72, இரண்டாமவருக்கு 69, முடிவு மாறிவிடும். ஆனால் அதுவும் முழுத் தீர்வாகாது. அந்த ஐந்தாமவர் அவ்வறையில் அத்துறையை உண்மையாக அறிந்த ஒரே வல்லுநராக இருக்கலாம். மற்றவர்கள் கவனிக்காத ஓர் அடிப்படைப் பிழையை அவர் மட்டும் கண்டிருக்கலாம். அவர் சரியா, தவறா என்று கண்டறிய வேண்டுமானால் அவருடைய 40 எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். பாட அறிவில் 40க்கு 10 தந்து மற்ற இரண்டிலும் 15, 15 என இட்டிருந்தால், "பாடத்தில் பிழை கண்டேன் என்கிறீர்கள், மாதிரி வகுப்புக்கும் நால்வரைவிடக் குறைவாக இட்டது ஏன்?" என்று கேட்கலாம். ஒரு குணத்தைப் பற்றிய எண்ணம் மற்றக் குணங்களின் மதிப்பீட்டிலும் படர்வதை எட்வர்ட் தார்ன்டைக் 1920இலேயே ராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளைக் கொண்டு விளக்கினார். ஒளிவட்ட விளைவு என்று உளவியலில் நாம் பாடம் நடத்துவது இதைத்தான். பாடம் நடத்துகிறோம், தேர்வுக் குழுவில் அமர்ந்ததும் மறந்துவிடுகிறோம்.

ஆகவே பட்டியல் பயன்பட வேண்டுமானால் அதை நிரப்பும் வரிசை முக்கியம். மாதிரி வகுப்பு முடிந்தவுடன் அதற்கான கட்டத்தை ஒவ்வொருவரும் தனியே நிரப்ப வேண்டும்; பிறகே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். மாதிரி வகுப்பில் 10 என்றால் என்ன, 25 என்றால் என்ன என்பது முன்கூட்டியே ஓரிரு வரிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லா விண்ணப்பதாரரும் முடிந்து, தாள்கள் கையொப்பத்துடன் செயலரிடம் சேரும்வரை எவரும் கருத்துச் சொல்லக் கூடாது, தலைவர் உட்பட. குறிப்பாகத் தலைவர். "நல்ல பையன்" என்று துணைவேந்தர் முதலில் சொல்லிவிட்டால், பிறகு எழுதப்படும் மதிப்பெண்களில் எத்தனை தனி மதிப்பெண் என்று எவராலும் பிரித்தறிய இயலாது. தாள்கள் சேர்ந்த பிறகு கலந்துரையாடலாம். முன்னறிவித்த அளவுக்கு மேல் விலகிய மதிப்பெண்ணுக்கு அவ்வுறுப்பினர் எழுத்தில் காரணம் தர வேண்டும். எவரேனும் மனம் மாறினால் புதிய மதிப்பெண்ணைப் பழையதன் அருகில் எழுதட்டும். பழையதை அடித்துவிட்டு எழுதக் கூடாது.

"அறிஞரை அட்டவணையால் அளக்க முடியுமா? அனுபவசாலியின் உள்ளுணர்வுக்கு மதிப்பில்லையா?" என்று மூத்த பேராசிரியர்கள் கேட்கிறார்கள். டேனியல் கானமன் 1950களில் இஸ்ரேலியப் படைக்கு வடிவமைத்த நேர்முகத்தில் ஆறு பண்புகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே மதிப்பிடப்பட்டன. நேர்முகம் செய்தவர்கள் முணுமுணுத்ததால் இறுதியில் உள்ளுணர்வு மதிப்பெண்ணும் இடச் சொன்னார். ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை அளவுக்கு அந்த உள்ளுணர்வும் பயன்பட்டது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். தனித்தனி மதிப்பீட்டை முடித்த பிறகு வந்த உள்ளுணர்வு அது. நம் அறைகளிலோ உள்ளுணர்வு முதலில் வருகிறது. மதிப்பெண் அதன் பின்னே நடக்கிறது.

உறுப்பினர்வாரி மதிப்பெண்களை வெளியிட்டால் அவர்களுக்கு ஆபத்து நேரும் என்பது இன்னொரு மறுப்பு. நேர்முகக் குழுவினரின் பெயர்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கூறிவிட்டது. பெயரை நீக்கி, உறுப்பினர் 1, உறுப்பினர் 2 என்று வெளியிடுவதில் யாருக்கு என்ன ஆபத்து?

இட ஒதுக்கீட்டுப் பணியிடங்களில் "தகுதியானவர் எவருமில்லை" என்ற ஒற்றை வரியோடு முடியும் நேர்முகங்களுக்கு இது இன்னும் பொருந்தும். குறைந்தபட்ச மதிப்பெண் என்ன, யார் எந்த அளவுகோலில் எவ்வளவு குறைந்தார், ஐவரும் தனித்தனியே அப்படித்தான் கண்டார்களா என்று அந்த வரி சொல்வதில்லை. சொல்லாதவரை அதைத் தகுதி பற்றிய தீர்ப்பாக ஏற்க எவருக்கும் கடமையில்லை.

ஒரே மனப்பாங்குள்ள ஐவரை அமர்த்தினால் தனித்தனித் தாள்களும் ஒரே பாரபட்சத்தை ஐந்து முறை எழுதும். வல்லுநர்களை யார் நியமிக்கிறார் என்ற சிக்கலை அட்டவணை தீர்க்காது. அதற்கு வேறு போராட்டம் தேவை. ஆனால் கலந்துரையாடலுக்கு முன் எழுதப்பட்ட, அளவுகோல்வாரியான, அழிக்கப்படாத தாள்கள் இருந்தால் அநீதி நடந்த இடத்தைச் சுட்டிக்காட்டவாவது முடியும். இப்போது நம் கையில் இருப்பது 65.8, 71.8 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. அடுத்த நேர்முக அறிவிப்பு வரும்போது காலியிடங்களின் எண்ணிக்கையோடு இதையும் கேளுங்கள்: மதிப்பெண் தாள் எப்போது நிரப்பப்படும், எத்தனை பேர் தனித்தனியே நிரப்புவார்கள், மூலத்தாள் எத்தனை ஆண்டுகள் பாதுகாக்கப்படும்?