"நான் ரொம்ப டிசிப்ளின்" என்று சொல்லாதீங்க, எழுதிக் காட்டுங்க

ரிமோட் வேலை இண்டர்வியூவில் அநேகமா வரும் கேள்வி இது: "பக்கத்துல யாரும் இல்லாம எப்படி வேலை பார்ப்பீங்க?" நம்மில் பலர் "நான் ரொம்ப டிசிப்ளின் சார்" என்று முடிச்சுடுறோம். என்னைக் கேட்டா, அந்தப் பதிலுக்கு மதிப்பே இல்லை. அதைச் சரிபார்க்க எதிரில் இருப்பவருக்கு வழி கிடையாது.

அவர் மனசுக்குள்ள போடும் கணக்கு வேற. நீங்க கோயம்புத்தூர், மேனேஜர் நியூயார்க் என்று வைங்க. கோடைக்காலத்தில் அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. நீங்க காலை 11 மணிக்கு "ஹாய், ரீஃபண்ட்ல ஒரு டவுட்" என்று அனுப்புறீங்க. அங்கே நடுராத்திரி. அவர் காலையில் பார்த்து "என்ன டவுட்?" என்று கேட்கும்போது நீங்க லாக்-அவுட் பண்ணியாச்சு. மறுநாள் விளக்குறீங்க, அன்று மாலை பதில் வருது, நீங்க பார்ப்பது மூன்றாம் நாள் காலை. சின்ன சந்தேகத்துக்கு இரண்டு நாள் சம்பளம் போச்சு!

அதையே இப்படி எழுதியிருந்தா?

"ரீஃபண்டில் கேட்வே கட்டணத்தைக் கழிக்க வேண்டுமா, முழுத் தொகையும் தர வேண்டுமா? டாக்குமெண்டில் தேடினேன், இதுபற்றி இல்லை. உங்கள் முடிவு தேவை. அதுவரை முழுத் தொகை என்று வைத்து, மாதாந்திர ரிப்போர்ட் வேலையைத் தொடர்கிறேன்."

இதுக்கு ஒரே வார்த்தையில் பதில் போதும், அது மறுநாள் காலையே உங்க கையில். முக்கியமா கடைசி வரியைப் பாருங்க. பதில் வராத நேரத்திலும் வேலை நிற்காது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. டிசிப்ளின் என்பது அதுதான்.

அதனால இண்டர்வியூவில் இப்படி நடந்த ஒரு சம்பவத்தை, என்ன எழுதினீங்க, எப்போ பதில் வந்தது என்பதோடு சொல்லுங்க. பழைய கம்பெனியின் மெசேஜை அப்படியே காட்டாதீங்க. ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று ஆகிடும்.

"எழுத்தையெல்லாமா பார்ப்பாங்க?" என்றால், பார்ப்பாங்க. வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், ஆட்களை எடுக்கும் முன் மணிக்கு 25 டாலர் கொடுத்து உண்மையான வேலையைச் செய்ய வைத்துப் பார்த்ததாக அதன் நிறுவனர் மேட் முல்லன்வெக் 2014-ல் எழுதினார்.

உங்க சோதனை முதல் மெயிலிலேயே தொடங்குது. "நியூயார்க் காலை 9, இந்திய நேரம் மாலை 6.30" என்று இரண்டையும், தேதியோடு எழுதுங்க. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தை மாத்தும். அப்புறம் அது 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 6.30. அதைக் கவனிக்காதவர், மார்ச்சில் ஒரு மணி நேரம் லேட்டாப் போய் நிற்பார். அதுக்கப்புறம் டிசிப்ளின் பற்றி என்ன பேசினாலும் எடுபடாது.