அந்தப் பிள்ளை கேட்டதில் என்ன தப்பு?

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறிவியல் கண்காட்சி. நடுவராக வந்தவர், "மங்கள்யான் பூமியின் ஈர்ப்பைக் கவண்போலப் பயன்படுத்தி, எரிபொருளே இல்லாமல் செவ்வாய்க்குப் போனது" என்றார். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "சார், கிட்டே வரும்போது கூடுற வேகம், விலகிப் போகும்போது குறைஞ்சிடாதா?" என்று கேட்டது. "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, உட்கார்" என்றுவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை.

பிள்ளை கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பள்ளத்தில் இறங்கும் சைக்கிள் வேகமெடுக்கும். மறுபக்கம் ஏறும்போது அந்த வேகம் கரைந்துவிடும். கோளின் ஈர்ப்பும் அப்படித்தான். கோளில் நின்று பார்த்தால், விண்கலம் வந்த வேகமும் போன வேகமும் ஒன்றே. திசை மட்டும்தான் மாறியிருக்கும்.

அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? கோள் சும்மா நிற்கவில்லை, சூரியனைச் சுற்றி ஓடுகிறது. ராஜபாளையம் ரோட்டில் ஒரு பஸ் 40 கி.மீ. வேகத்தில் எதிரே வருகிறது. அதன்மேல் ஒரு ரப்பர் பந்தை 30 கி.மீ. வேகத்தில் எறிவதாகக் கற்பனை செய்யுங்கள் (யாரும் செய்து பார்க்க வேண்டாம்!). டிரைவருக்குப் பந்து 70-ல் வரும். வேகம் குறையாமல் துள்ளினால் 70-லேயே திரும்பும். ரோட்டோரம் நிற்பவருக்கோ 70-உடன் பஸ்ஸின் 40-உம் சேர்ந்து 110. அந்த லாபம் பஸ் கொடுத்தது.

வாயேஜர் 2, 1979 ஜூலையில் வியாழனைக் கடந்தது இப்படித்தான். வியாழன் ஓடுவது விநாடிக்கு 13 கி.மீ. கலம் அதன் பின்புறமாகக் கடந்தபோது, ஈர்ப்பு அதன் பாதையை வியாழன் ஓடும் திசைக்கு வளைத்தது. சூரியனை வைத்துப் பார்த்தால், சுமார் 10 கி.மீ. வேகம் ஏறக்குறைய இரட்டித்தது. வியாழன் அதே அளவு ஆற்றலை இழந்தது. அதன் எடைக்கு முன் அது அளக்கவே முடியாத இழப்பு. முன்புறமாகக் கடந்திருந்தால் கலத்தின் வேகம் குறைந்திருக்கும்.

மங்கள்யான் கதை வேறு. புறப்படும்போது அதன் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருள்! பூமியைச் சுற்றி வந்து, மிக அருகில், மிக வேகமாகப் போகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் எஞ்சினை எரித்துச் சுற்றுப்பாதையைப் பெரிதாக்கினார்கள். 2013 டிசம்பர் 1-ம் தேதி அதிகாலை 22 நிமிடம் எரித்த பிறகுதான் செவ்வாய்க்குக் கிளம்பியது. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த கலத்துக்குப் பூமியே கவண் ஆக முடியாது. நம் பொறியாளர்கள் எரிபொருளைக் கிராம் கணக்கில் மிச்சம் பிடித்ததை "எரிபொருளே இல்லை" என்று சொன்னால், அது பெருமை இல்லை, அவர்கள் உழைப்பை மறைப்பது.

நான் வெறும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். "ஈர்ப்பு இழுக்கும், வேகம் கூடும்" என்று நானும் பல வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று எந்தப் பிள்ளையும் என்னை மறித்துக் கேட்கவில்லை. இன்று ஒரு பிள்ளை கேட்டது. நடுவர் ஐயா, அதைக் கூப்பிட்டு "நீ கேட்டது சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.