பெயரை இரவல் கொடுத்தால்

மசாலாப் பொடியில் நற்பெயர் ஈட்டிய ஒரு நிறுவனம், தன் பெயரை வேறோர் ஊறுகாய்த் தயாரிப்பாளர் பயன்படுத்திக்கொள்ள உரிமம் அளிப்பதாகக் கொள்வோம். ஆலை கட்ட வேண்டியதில்லை. சரக்கு வாங்க வேண்டியதில்லை. விற்பனையில் நூற்றுக்கு நான்கு ரூபாய் ராயல்டியாக வந்து சேரும். கடன் விண்ணப்பங்களுடன் இத்தகைய ஒப்பந்தங்கள் வரும்போது, ராயல்டியைப் பற்றி மூன்று பக்கங்கள் இருப்பதைக் காண்கிறோம். தரத்தைப் பற்றியோ, 'உயர்ந்த தரம் பேணப்பட வேண்டும்' என்ற ஒரே வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியை நம்பிப் பெயரைக் கொடுப்பது தவறு என்பதே நம் கருத்து.

ஏனெனில், பிறர் தயாரித்த பொருளின்மீது தம் குறியை இடுபவரையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளராகவே கருதுகிறது. ஊறுகாயை உண்டவருக்குக் கேடு நேர்ந்தால், 'நாங்கள் செய்யவில்லை' என்பது விடையாகாது. வணிகக் குறியின் நிலையும் அத்தகையதே. உரிமம் அளித்த பின்னரும் பொருளுக்கும் குறியின் உடைமையாளருக்கும் வணிகத் தொடர்பு நீடிக்க வேண்டும் என்று, குஜராத் பாட்டிலிங் – கோகோ கோலா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பயன்படுத்துவோராக ஒருவரைப் பதிவு செய்த பின், ஒப்பந்தத்தின் தர நிபந்தனை செயற்படுத்தப்படவில்லையெனில், அப்பதிவைப் பதிவாளர் நீக்கவும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. நிபந்தனை எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறாயின், என்ன எழுத வேண்டும்? இரு தரப்பினரும் ஒப்புக்கொண்ட மாதிரிப் புட்டியை முத்திரையிட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். உப்பு, எண்ணெய், புளிப்பு ஆகியவற்றை எண்ணால் குறிக்க வேண்டும். புளிப்பு குறைந்து பி.எச். அளவு 4.6க்கு மேல் சென்றால் நச்சுக் கிருமி வளர இடமுண்டு; ஆகவே 'தக்க புளிப்பு' என்ற சொல் பயன்படாது. ஒவ்வொரு பேட்ச்சும் சந்தைக்குச் செல்லுமுன் அதன் மாதிரி சோதிக்கப்பட வேண்டும். முன்னறிவிப்பின்றி ஆலைக்குள் நுழையும் உரிமையும், வேறொருவரிடம் உற்பத்தியை ஒப்படைக்கத் தடையும் வேண்டும்.

நாம் பெரிதும் வலியுறுத்துவது லேபிள் கணக்கை. லேபிளை உடைமையாளரே அச்சிட்டு, எண்ணிக் கொடுக்கட்டும். 10,000 லேபிள்கள் சென்றன, 9,200 புட்டிகள் விற்றதாகக் கணக்கு வந்தது, 300 லேபிள்கள் பழுதாகித் திரும்பின, இருப்பில் ஒன்றுமில்லை. எஞ்சிய 500 எங்கே? ராயல்டி செலுத்தாமல் விற்றிருக்கலாம். அதைவிடக் கொடியது, சோதனையில் தள்ளப்பட்ட பேட்ச் அந்த லேபிளுடன் கடைக்குப் போயிருப்பது. இவ்விரண்டையும் ஒரே கணக்கு காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: விற்பனை பெருகினால் ராயல்டியும் பெருகும், ஆகவே ராயல்டி வசூலிப்பவரிடமே பேட்ச்சை நிறுத்தும் அதிகாரத்தை விடலாகாது. அவர் கை தயங்கும்.

பெயரின் மதிப்பைக் காட்டிக் கடன் கேட்டு வருவோரிடம், ஒப்பந்தத்துடன் சென்ற ஓராண்டின் ஆய்வுப் பதிவேட்டையும் நாம் கேட்கிறோம். எந்தப் பேட்ச்சும் ஒருமுறையேனும் நிராகரிக்கப்படாத பதிவேடாயின், அதை இருமுறை படிக்கிறோம்.