ரசீது சரி, கூலி எங்கே?

அரசு அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் துப்புரவு, காவல் பணியாளர்களை அனுப்பும் ஒப்பந்ததாரரின் மாதாந்திர பில்லில் மூன்று அம்சங்கள் உண்டு: உண்மையில் ஆன செலவு, அதன்மேல் முன்பே முடிவுசெய்த சதவீதத்தில் சேவைக் கட்டணம், செலவை மெய்ப்பிக்கும் ரசீதுகள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கையில் சுரண்டலுக்கு இடமேது என்று நிர்வாகங்கள் வினவுகின்றன. நம் தொழிற்சங்கத் தோழர்களிலும் சிலர் இதை நம்பிவிடுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 15,000 ரூபாய் கூலியில் 40 தொழிலாளர்கள் என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு வேலையளிப்பவர் செலுத்த வேண்டியது, நிர்வாகக் கட்டணம் உள்ளிட்டு, 13 சதவீதம். அதாவது 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. நாற்பது பேருக்கும் சேர்த்து மொத்தச் செலவு 6,97,500 ரூபாய். சேவைக் கட்டணம் 5 சதவீதம் என்றால் 34,875 ரூபாய். மேற்பார்வையாளர் சம்பளத்தையும், பில் பணம் கைக்கு வரும்வரையிலான வட்டியையும் ஒப்பந்ததாரர் இதிலிருந்தே சமாளிக்க வேண்டும்.

கூலி நிர்ணயிக்கப்பட்டுவிட்டதால் டெண்டரில் போட்டி சேவைக் கட்டணத்தின்மீதே நடக்கிறது. ஒருவர் 1 சதவீதம் கேட்டு ஒப்பந்தத்தை வெல்கிறார். அவருக்குக் கிடைப்பது 6,975 ரூபாய். ஒரு மேற்பார்வையாளருக்கே அது போதாது. பிழைக்கும் வழியை அவர் வேறெங்கோ வைத்திருக்கிறார் என்பது டெண்டர் திறக்கும் நாளிலேயே நிர்வாகத்துக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்திடுகிறது.

அந்த வழிதான் என்ன? தொழிலாளியின் வங்கிக் கணக்கில் 15,000 ரூபாய் முறையாக ஏறுகிறது. வங்கி அறிக்கை பில்லுடன் இணைக்கப்படுகிறது. பிறகு, வேலை நிலைக்க வேண்டுமானால், 3,000 ரூபாயை ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டும். சில இடங்களில் ஏ.டி.எம். அட்டையே மேற்பார்வையாளரிடம் இருக்கும். நாற்பது பேரிடம் 1,20,000 ரூபாய்! ரசீதில் பொய் ஒன்றுமில்லை. பொய் கூலியில் இருக்கிறது. எந்தத் தணிக்கையாளரும் காகிதத்தைப் புரட்டி இதைக் கண்டுபிடிக்க இயலாது.

காகிதத்திலேயே பிடிபடும் மோசடியும் உண்டு. வைப்பு நிதிச் செலானில் மொத்தத் தொகைதான் இருக்கும். வேறோர் இடத்துத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய செலானை இங்கே இணைத்தால் யார் அறிவார்? செலானுடன் இ.சி.ஆர். எனப்படும் பெயர்வாரிப் பட்டியலையும் கேட்டு வாங்கி, அதை வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால்தான் தெரியும். பில்லைச் சரிபார்க்கும் எழுத்தருக்கு இதற்கு அரை மணி நேரம் போதும்.

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு விதித்தது; கூலி வழங்கும்போது அவருடைய பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்றும் கூறியது. செலவோடு கட்டணம் சேர்த்த பில் இப்பொறுப்பை ஒரு கோப்பாகச் சுருக்கிவிட்டது.

ஆகவே நமது கோரிக்கை இன்னும் அதிக ரசீது அன்று. மாதாந்திர பில்லின் நகலும் இ.சி.ஆர். பட்டியலும் பணியிட அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தன் பெயரில் எவ்வளவு வசூலிக்கப்படுகிறது என்பதை முதலில் அத்தொழிலாளி படிக்கட்டும்.