ஓ.டி.பி. என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பண மோசடி எச்சரிக்கைத் துண்டறிக்கையில் இருந்த ஆங்கிலச் சொற்களை எல்லாம் களைந்துவிட்டு, சொல்லாக்க அதிகாரிகள் மறுபடியும் அச்சடித்திருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள்கூட ஓர் ஆங்கிலச் சொல் தலைகாட்டக் கூடாது என்பது அவர்களுடைய முடிவு. அந்தத் தாள் யாருக்காக அச்சடிக்கப்பட்டது என்பதை மட்டும் அவர்கள் இன்னும் சொல்லவில்லை.

பழைய தாளில், “ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று இருந்தது. புதிய தாளில், “ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் பகிர்தல் கூடாது” என்றிருக்கிறது. பிழையில்லாத தமிழ்தான். மேடையில் படித்தால் கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் இந்த வாக்கியம் ஆபத்துக்கு உதவ வேண்டிய வாக்கியம். அதனால் ஆபத்து எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டல்லவா எழுதியிருக்க வேண்டும்?

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஓர் அம்மாவுக்குப் போன் வருகிறது. “அம்மா, பேங்க்ல இருந்து பேசறோம். கே.ஒய்.சி. அப்டேட் பண்ணாததால இன்னைக்கு சாயங்காலம் உங்க அக்கவுண்ட் பிளாக் ஆயிடும். இப்ப ஒரு மெசேஜ் வரும், அதுல இருக்கற ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க.” மெசேஜும் வந்துவிடுகிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆறு இலக்க எண், பக்கத்திலேயே OTP என்ற மூன்று எழுத்து, எவ்வளவு ரூபாய், எந்தக் கடைக்கு என்ற விவரம். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கூட அந்த மூன்று எழுத்தை அடையாளம் கண்டுகொள்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லோரும் அவரிடம் “ஓ.டி.பி. சொல்லுங்கம்மா” என்றுதான் கேட்டுப் பழக்கியிருக்கிறார்கள். அவர் காதிலும் கண்ணிலும் படுகிற அந்த ஒரே சொல்லை எச்சரிக்கைத் தாளிலிருந்து தேடிப்பிடித்து நீக்கியிருக்கிறார்கள்.

நீக்கிவிட்டு வைத்த சொல்லோ இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறது. கடவுச்சொல் என்பது நன்றாக வேரூன்றிவிட்ட சொல். அதைக் கேட்டதும் அந்த அம்மாவுக்கு நினைவு வருவது, பேரன் ஒருநாள் உட்கார்ந்து வைத்துக்கொடுத்து, டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த ஒன்று. அதை அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை. போனில் கேட்பவனும் அதைக் கேட்கவில்லை. அவன் கேட்பது சில நிமிடங்களுக்கு முன் வந்த ஓர் எண்ணை. ஆகவே தாளில் சொன்னபடியே கடவுச்சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, எண்ணைச் சொல்லிவிட்டுப் பணத்தையும் இழக்கிறார். எச்சரிக்கையைப் படிக்காமல் ஏமாந்தால் அவர் பொறுப்பு எனலாம். படித்தும் ஏமாந்தால் அது யார் பொறுப்பு?

உண்மையில் ஓ.டி.பி. என்ற சொல்லும் போதாது என்பதுதான் நம் வாதம். மோசடிக்காரன் விவரமானவன். ஓ.டி.பி. என்றால் ஜனங்கள் உஷாராகிவிடுகிறார்கள் என்று தெரிந்தவுடன் ‘கோட்’ என்கிறான், ‘வெரிஃபிகேஷன் நம்பர்’ என்கிறான், அதுவும் இல்லாமல் வெறும் ‘ஆறு நம்பர்’ என்கிறான். அவனுக்கு இருக்கிற மொழி அக்கறை நம்மவர்களுக்கு இல்லை. “வங்கியிலிருந்து மெசேஜில் வரும் எண், உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க நீங்கள் தரும் சம்மதம். ஓ.டி.பி., கோட், நம்பர் என்று எந்தப் பெயர் சொல்லிக் கேட்டாலும் தராதீர்கள். வங்கியில் இருப்பவர்களுக்கு அந்த எண் தேவையே இல்லை. அந்த மெசேஜில் தொகை எவ்வளவு என்று போட்டிருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்.” இவ்வளவுதான் எழுத வேண்டியது. இதில் புதுச்சொல் எதற்கும் வேலையில்லை. பெயர் வைத்துவிட்டாலே விளக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் இவர்களுடைய வியாதி.

யு.பி.ஐ. பின் நம்பருக்கும் இதே கதிதான். அது தாளில் ‘தனிமறை எண்’ ஆகியிருக்கிறது. பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்தவருக்கு, பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் படம் வருகிறது. ஸ்கேன் செய்தால் திரை UPI PIN கேட்கிறது. பின் நம்பர் போடுவது பணம் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு ஒருபோதும் தேவைப்படாது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். தாளில் அந்த வரி இல்லை. பணம் பறிபோன உடனே கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணோ, அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது.

தமிழில் சொல் ஆக்குவதற்கு நாம் எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். இணையம், மின்னஞ்சல், கணினி எல்லாவற்றையும் இந்தப் பத்திரிகை தினமும் அச்சிடுகிறது. ஒரு பொருளைப் பற்றிப் பேசவும் யோசிக்கவும் தமிழ்ச்சொல் வேண்டும்; ஆக்குங்கள், நாமும் பயன்படுத்துகிறோம். ஆனால் வாசகர் திரையில் தேடிக் கண்டுபிடித்து விரல் வைக்க வேண்டிய இடத்தில், திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். ஆண்ட்ராய்டு போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால்கூட அதில் புளூடூத், வைஃபை என்றுதான் வருகிறது. ‘ஊடலையை அணைத்துவைக்கவும்’ என்று படித்தவர் எதை அணைப்பார்?

இது இவர்களுக்கு முதல் அனுபவமாக இருந்தாலாவது மன்னிக்கலாம். யூனிகோடு வந்து ஊரெல்லாம் அதில் எழுதத் தொடங்கிய பிறகும், தங்கள் அறிவிப்புகளைப் பழைய எழுத்துருவிலேயே வலையேற்றிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கேள்விக்குறியும் கோணல் எழுத்துமாகக் கொட்டிக் கிடக்கும். கேட்டதற்கு, எழுத்துருவைப் பதிவிறக்கிக்கொள்ளலாமே என்று பதில் வந்தது. அதைப் பதிவிறக்குவது எப்படி என்ற விளக்கமும் அதே எழுத்துருவில் இருந்தது!

செயலி விவகாரத்தையும் மறக்க முடியவில்லை. பாடப்புத்தகம் படித்த பிள்ளைக்கு நுண்செயலி என்றால் கணினிக்குள் கணக்குப் போடும் சில்லு. பிறகு போனில் நிறுவுகிற ஆப்புக்கும் செயலி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மக்கள் வைத்த பெயர் நிலைத்ததில் தவறில்லை. இரண்டும் ஒரே பாடத்தில் வந்தால் மாணவன் என்ன செய்வான் என்று தீர்த்துவைக்க வேண்டியவர்கள், மூன்றாவதாக ஒரு சொல்லை முன்மொழிந்துவிட்டுக் கூட்டத்தை முடித்துக்கொண்டார்கள். பட்டியல் பெருகியது. அதைப் பயன்படுத்திய ஒரு கடைக்காரரை, ஒரு மெக்கானிக்கை, ஒரு வங்கி ஊழியரை அவர்களால் இன்றுவரை காட்ட முடியவில்லை. யாரையும் கேட்டு ஆக்கினால்தானே காட்டுவதற்கு!

அந்தக் கூட்டங்களில் வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவர் ஒருவராவது இருந்தாரா? பணத்தை இழந்தவரின் புகாரை எழுதிக்கொள்ளும் காவலர் இருந்தாரா? இந்தத் தாளைப் பத்து முதியவர்களிடம் கொடுத்து, “உங்களுக்கு என்ன புரிந்தது?” என்று கேட்டுப் பார்த்தார்களா? இல்லை என்றே தெரிகிறது. கேட்டிருந்தால் பத்தாவது ஆள் வரை போயிருக்கவே வேண்டாம்.

முடிவைத் திரும்பப் பெற வேண்டும். மக்களோடு தினமும் பேசுகிறவர்களை அழைத்து உட்காரவைத்து இதை மறுபடியும் எழுத வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று யோசிக்கத்தானே இவர்களுக்குச் சம்பளம், படி, வாகனம் எல்லாம்? அதுவரை, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய தாளில் யாராவது பால்பாயிண்ட் பேனாவால் ‘ஓ.டி.பி.’ என்று எழுதிவைத்தால், அதைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் ஒட்ட ஆள் அனுப்பாமல் இருந்தால் சரி.