பிழையே இல்லாத கட்டுரைக்கு ஏன் ஆறு?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருக்கும் மீனவ நண்பர் மகளோடு வந்தார். நர்சிங் படித்து, புதுச்சேரியில் வேலை பார்க்கும் பெண். இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதியிருந்தாள். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தேவையான 7 வந்துவிட்டது. எழுத்தில் மட்டும் 6. அங்குள்ள நர்சிங் கவுன்சில் எழுத்துக்கு 6.5 கேட்கிறது. 2018 டிசம்பருக்கு முன்பு அதுவும் 7 ஆகத்தான் இருந்தது. அரை மதிப்பெண் இறக்கிய பிறகும் இந்தப் பெண் அரையில் நிற்கிறாள். தேர்வுக் கட்டணம் பதினைந்தாயிரத்துக்கும் மேல்.

நண்பர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கேட்டார்: "ஒரு தப்பும் இல்லன்னு நீங்கதானே சார் பாத்து சொன்னீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன். தேர்வுக்கு முன் அவளுடைய பயிற்சி நோட்டைப் புரட்டி, சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன். முப்பது வருஷம் ஆங்கில வாத்தியாராக இருந்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? அந்த 6 அநியாயம் என்றுதான் அன்று எனக்கும் தோன்றியது. மறு மதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா என்றுகூடப் பேசினோம். இரண்டு நாள் கழித்து நோட்டை மறுபடி வாங்கி, இந்தத் தடவை வாத்தியாராக இல்லாமல் வாசகனாகப் படித்தேன். அந்த 6 நியாயமான மதிப்பெண். நான் சொன்னதுதான் தவறு.

அந்தத் தேர்வில் எழுத்தை நான்கு வகையாகப் பார்க்கிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்பது ஒன்று. கருத்து ஓட்டமும் வாக்கியப் பிணைப்பும் இரண்டாவது. சொல்வளம் மூன்றாவது, இலக்கணம் நான்காவது. நாலுக்கும் சம எடை. அதாவது இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கால் பங்குதான். அதிலும் பிழையின்மை மட்டும் போதாது, வாக்கிய வகைகளையும் பார்க்கிறார்கள். 'எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி' என்று குட்டி வாக்கியங்களாக எழுதினால் அந்தக் கால் பங்கும் முழுசாகக் கிடைக்காது.

சான்றிதழில் எழுத்துக்கு மொத்த மதிப்பெண் மட்டும் இருக்கும், வகைவாரியாக இருக்காது. ஆனால் எதற்கு எவ்வளவு என்ற விளக்க அட்டவணையைத் தேர்வு நடத்துகிறவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் நோட்டிலிருந்த பெரிய கட்டுரை ஒன்றுக்கு, 40 நிமிஷத்தில் 250 சொல் எழுத வேண்டியதற்கு, நானே மதிப்பெண் போட்டேன். பதிலுக்கு 6, சொல்வளத்துக்கு 6, இலக்கணத்துக்கு 7, ஓட்டத்துக்கும் பிணைப்புக்கும் 5. கூட்டினால் 24, நாலால் வகுத்தால் 6. கடைசி ஐந்து ஏழாகியிருந்தால் கூட்டுத்தொகை 26, சராசரி 6.5. அவள் இங்கிலாந்து போவதும் போகாததும் அந்த ஒரு வகையில் நிற்கிறது.

இனி அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கிராமத்து இளைஞர்கள் நகரத்துக்குப் போவது நல்லதா, கெட்டதா என்று கேள்வி. நடுவில் ஒரு பத்தியைத் தமிழாக்கித் தருகிறேன். ஆங்கிலத்தில் இதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"முதலாவதாக, நகரங்களில் வேலைவாய்ப்புகள் அதிகம். மேலும், கிராமங்களில் மருத்துவமனைகள் குறைவு. அதுமட்டுமன்றி, இளைஞர்கள் தொழில்நுட்பத்தை விரும்புகிறார்கள். ஆகையால், நகரங்களில் போக்குவரத்து நெரிசல் அதிகரிக்கிறது. மறுபுறம், விவசாயம் நமது நாட்டின் முதுகெலும்பு. எனவே, இது ஒரு முக்கியமான பிரச்சினை."

ஆறு வாக்கியம், ஆறுக்கும் தலையில் ஓர் இணைப்புச் சொல். மேலோட்டமாகப் பார்த்தால் கட்டுக்கோப்பு மாதிரி இருக்கும். நான் ஒரு வேலை செய்தேன். இணைப்புச் சொற்களை நீக்கிவிட்டு ஆறு வாக்கியங்களையும் ஆறு துண்டுச் சீட்டில் எழுதி, லீவுக்கு வந்திருந்த பேரனிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னேன். மூன்று தடவை மாற்றி மாற்றி அடுக்கினான். "எப்படி வெச்சாலும் ஒண்ணுதான் தாத்தா" என்று எழுந்து போய்விட்டான்.

இதைவிடத் துல்லியமாக எந்தப் பரிசோதகரும் சொல்லிவிட முடியாது. எந்த வரிசையில் வைத்தாலும் ஒன்றுதான் என்றால், அங்கே ஆறு வாக்கியம் இருக்கிறது, பத்தி இல்லை. 'மேலும்' என்று எழுதிவிட்டால் முதல் வாக்கியமும் இரண்டாவதும் சேர்ந்துவிடுமா? 'ஆகையால்' என்பது இன்னும் மோசம். இளைஞர்கள் தொழில்நுட்பத்தை விரும்புவதால் எப்படி நெரிசல் வரும்? நடுவில் இரண்டு படி விட்டுப்போயிருக்கிறது. காரணமே இல்லாத இடத்தில் காரணம் இருப்பதாக அந்தச் சொல் பொய் சொல்கிறது. கடைசியில் 'இது ஒரு பிரச்சினை' என்கிறாளே, எது? நெரிசலா, விவசாயமா, இளைஞர்கள் போவதா? இலக்கணப்படி அந்த 'இது' சரி. அது சுட்டுகிற பொருள்தான் இல்லை.

அட்டவணையிலும் இதுதான் இருக்கிறது. இணைப்புச் சொல் இயந்திரத்தனமாகவோ அளவுக்கு மீறியோ வந்தால் 6-ஐத் தாண்டுவது கஷ்டம். வாக்கியங்கள் ஒன்றோடொன்று சரளமாகச் சேராமல், சுட்டுச் சொற்கள் சரியில்லாமல், சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வந்தால் 5. உச்சியில் இருக்கும் 9-க்கு என்ன அடையாளம் தெரியுமா? பிணைப்பு இருப்பதே வாசகன் கண்ணில் படக்கூடாது. நம் பிள்ளைகளோ அதைத் தோரணம் மாதிரி ஒவ்வொரு வாக்கியத்தின் வாசலிலும் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

இந்தத் தோரணத்தை விற்கிறவர்கள் பயிற்சி மையக்காரர்கள். அவள் போன மையத்தில் நாற்பது இணைப்புச் சொற்கள் அச்சிட்ட தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வாக்கியத்துக்கு ஒன்று போட்டால் பிணைப்புக்கு முழு மதிப்பெண்ணாம்! ஆனால் அவர்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தத் தாளுக்கு முன்னாலேயே நோய் வந்துவிட்டது. அதைக் கொடுத்தவர்கள் என்னைப் போன்ற வாத்தியார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். நம் தமிழில் பிணைப்பு வினையிலேயே இருக்கிறது. "காலையில போயி, வலையப் பிரிச்சி, மீனப் போட்டுட்டு, ஐஸ் வாங்கிக்கிட்டு வந்தேன்" என்று இந்த ஊர்க் கடற்கரையில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நாலு காரியம், ஒரே ஓட்டம், எது முன்னே எது பின்னே என்பதில் சந்தேகமே கிடையாது. 'மேலும்' எங்கே வந்தது இதில்? எச்சங்களே எல்லாவற்றையும் கோத்துவிடுகின்றன. அப்படிப் பேசி வளர்ந்த பிள்ளை ஆங்கிலத்திலும் நீளமாகக் கோத்துத்தான் எழுத ஆரம்பிக்கும். கோக்கும்போது காலம் தப்பும், ஒருமை பன்மை தப்பும். நாங்கள் என்ன செய்தோம்? தப்பான இடத்தைத் திருத்திக் காட்டுவதை விட்டுவிட்டு, "சின்னச் சின்ன வாக்கியமா எழுது, தப்பு வராது" என்றோம். இந்த வாயால் நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். தப்பு வரவில்லைதான். கோவையும் போய்விட்டது. அறுந்த துண்டுகளை ஒட்டத்தான் பின்னால் பயிற்சி மையம் நாற்பது சொல் பசை விற்கிறது.

ஆக, இலக்கணம் சுத்தமாக இருந்தும் பிணைப்பில் மதிப்பெண் குறைவதில் எந்தப் புதிரும் இல்லை. பிழைக்குப் பயந்து எழுதியதால்தான் பிணைப்பு போயிற்று.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்தான், "அதெல்லாம் வெள்ளைக்காரன் பாணி, நாம சுத்தி வளச்சிதான் சொல்லுவோம், அது நம்ம பண்பாடு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தப் பேச்சுக்கு அமெரிக்காவிலேயே ஒரு வரலாறு உண்டு. ராபர்ட் கப்லான் என்ற மொழியியலாளர் 1966-இல் ஆங்கிலேயர் நேர்கோட்டில் எழுதுவார்கள், கீழை நாட்டார் சுருள் சுருளாக எழுதுவார்கள் என்று படமே போட்டார். நம்மை மட்டம் தட்டும் அந்தப் படத்தை நாமே எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டுமா?

நண்பருக்கு அவர் நடத்திய பாடத்தையே நினைவூட்டினேன். பவணந்தியார் நன்னூலில் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. இவற்றில் சொல்லின் இலக்கணப் பிழையைப் பற்றியது எது? வழூஉச்சொல் புணர்த்தல், ஒன்றே ஒன்று. அந்தப் பெண்ணின் பத்தியில் அது கிடையாது. ஆனால் 'இது' என்று மயங்க வைத்திருக்கிறாள், விவசாயத்துக்குத் தாவி மற்றொன்று விரித்திருக்கிறாள், வெற்றெனத் தொடுத்திருக்கிறாள், தேய்ந்து முடித்திருக்கிறாள். பத்து அழகிலும் 'முறையின் வைப்பு' என்று ஒன்று தனியாக இருக்கிறது. கேம்பிரிட்ஜ்காரன் இலக்கணத்துக்குக் கால் பங்கு கொடுக்கிறான். நம் பவணந்தியார் கணக்கில் பத்தில் ஒரு பங்கு! நண்பர் சிரித்துவிட்டு, காபி சாப்பிட்டுப் போனார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து அதே பத்தியை மறுபடி எழுதினோம். முதல் நிபந்தனை, நாற்பது சொல் தாளை மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தில் வந்த ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டும். அவள் எழுதியது தமிழில் இப்படி வரும்:

"இளைஞர்கள் கிராமத்தை விட்டுப் போவதற்கு முக்கியக் காரணம் நிலையான வேலை இல்லாததுதான். வயலில் கூலி கிடைப்பது ஆண்டில் சில மாதங்களே. மீதி மாதங்களின் வருமானத்துக்காக நகரத்துக்குப் போகிறவர்கள், அங்கே நிரந்தர வேலை கிடைத்ததும் குடும்பத்தையும் அழைத்துக்கொள்கிறார்கள். இப்படிக் குடும்பங்கள் கிளம்பிய பிறகு, நிலத்தைப் பார்க்க ஊரில் முதியவர்களே மிஞ்சுகிறார்கள்."

வேலையிலிருந்து கூலிக்கு, சில மாதங்களிலிருந்து மீதி மாதங்களுக்கு, குடும்பத்திலிருந்து முதியவர்களுக்கு. 'மேலும்' இல்லை, 'ஆகையால்' இல்லை. இணைக்கும் சொல் என்று பார்த்தால் 'இப்படி' ஒன்றுதான். அது எதைச் சுட்டுகிறது என்று யாருக்கும் சந்தேகம் வராது. மூன்றாவது வாக்கியத்தின் ஆங்கில மூலத்தில் ஒரு முன்னிடைச்சொல் தவறாக விழுந்திருந்தது. பழைய பழக்கத்தில் பேனா அங்கே ஓடியது, அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன். சீட்டில் எழுதிப் பேரனிடம் கொடுத்தோம். ஒரு நிமிஷம் ஆகவில்லை, சரியாக அடுக்கிவிட்டான்.

இரண்டு பத்திகளிலும் சொல்லும் விஷயம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு வித்தியாசம், முதலாவதில் மருத்துவமனை, தொழில்நுட்பம், நெரிசல் எல்லாம் இருந்தன, இரண்டாவதில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே பத்தியில் திணிக்க ஆசைப்பட்டால் எந்த இணைப்புச் சொல்லாலும் காப்பாற்ற முடியாது. விட்டுவிட மனசு வர வேண்டும். அவளுக்கு அதுதான் கடினமாக இருந்தது. நெரிசலைப் பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்த நல்ல வாக்கியத்தை அடிக்கும்போது முகம் வாடிவிட்டது.

அடுத்த மாதம் மறுபடி எழுதப் போகிறாள். வாரம் மூன்று நாள் டியூட்டி முடிந்து வருகிறாள். நேற்று வந்தபோது, சென்ற வருஷம் நான் இங்கே எழுதிய பழைய பதிவு ஒன்றை போனில் எடுத்துக் காட்டினாள். "சார், இதுல 'மேலும்' ஏழு எடத்துல வருது. ரெண்டாவது பத்தியில 'இது'ன்னு இருக்கே, எது சார்?" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. நான்கு 'மேலும்'களை இன்று காலை எடுத்துவிட்டேன். அந்த 'இது'வை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.